பார்சிகள் குறைவது ஏன்? மும்பை, சென்னைக் குரல்களோடு ஒரு கேஸ் ஸ்டடி

ஈரானிலிருந்து வந்து இங்கே குடியேறிய சொராஸ்ட்ரிய மதத்தவரான பார்சிகள் 1941 கணக்கெடுப்பில் 1,14,000-க்கும் மேல். 2001-இல் 69,601. 2011-இல் 57,264. நாட்டின் மக்கள்தொகை மூன்று மடங்குக்கு மேல் ஏறிய காலத்தில் இவர்கள் பாதியாகிவிட்டார்கள். இதைக் கேட்டதும் நாம் 'உச்' கொட்ட ஆரம்பித்துவிடுகிறோம், ஆனால் அவர்களிடம் போய்ப் பேசினால் யாரும் நம் அனுதாபத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. யாரைப் பார்சி என்று சேர்த்துக்கொள்வது என்று தங்களுக்குள்ளேயே காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே பேசும் நான்கு பேரும் பெயர் வேண்டாம் என்றார்கள். அவரவர் பகுதியைப் படிக்கக் கொடுத்து, திருத்தச் சொன்னதைத் திருத்தியிருக்கிறேன்.

முதலில் பிறப்பு. சராசரியாக ஒரு பெண்ணுக்கு ஒரு குழந்தைகூட இல்லை, அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெண்கள் மற்றவர்களுக்கு வெகு முன்பே படித்து வேலைக்குப் போன சமூகம், அதனால் கல்யாணம் தள்ளிப்போனது, பலர் செய்துகொள்ளவே இல்லை; இளையவர்கள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். தாதர் பார்சி காலனியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 74, முன்கூட்டியே எச்சரித்தார்: “எனக்கு வேலை பிடித்திருந்தது, பார்த்த பையன் எவனும் பிடிக்கவில்லை. அதைப் போய்ச் சோகக் கதையாக எழுதிவிடாதே டிக்ரா.” 2013-இல் மத்திய அரசு 'ஜியோ பார்சி' என்ற திட்டம் கொண்டுவந்து கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பணம் தந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் இன்றிரவு ஆணுறை வேண்டாம் என்கிற தொனியில் வந்த அதன் விளம்பரங்களைப் பற்றிக் கேட்டால் அவருக்கு இன்னமும் முகம் சிவக்கிறது. “என் படுக்கையறையில் இவர்களுக்கு என்ன வேலை?”

அப்புறம் அந்தச் சண்டை. வேர் 1908-இல் இருக்கிறது. ரத்தன்ஜி தாதாபாய் டாட்டாவின் பிரெஞ்சு மனைவி சொராஸ்ட்ரிய மதத்தில் சேர்ந்திருந்தார், அவரை ஏற்பதா கூடாதா என்று வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் போனது. தந்தை பார்சியாக இருந்து, பிள்ளையை முறைப்படி மதத்தில் சேர்த்திருந்தால் அந்தப் பிள்ளை பார்சி என்றார்கள் நீதிபதிகள் தாவரும் பீமனும். அந்தத் தம்பதியின் மகன்தான் ஜே.ஆர்.டி. டாட்டா, அவர் பார்சியா என்று யாரும் கேட்டதில்லை. தாய் மட்டும் பார்சி என்றால்? அங்கேதான் கதவு சாத்திக்கொள்கிறது.

சென்னையில் ஒரு தமிழரை மணந்து வாழும் 36 வயதுப் பெண்ணுக்கு இது தினசரி விஷயம். ராயபுரத்தில் 1910-இல் கட்டிய அக்னி ஆலயம் இருக்கிறது, தமிழ்நாட்டிலேயே அது ஒன்றுதான். “நான் உள்ளே போவேன், கணவரும் மகனும் வெளியே காரில் இருப்பார்கள். என் தம்பி பஞ்சாபிப் பெண்ணைக் கட்டினான், அவன் மகளுக்கு மதத்தில் சேர்க்கும் நவ்ஜோத் சடங்கு செய்து சுத்ரா என்ற வெள்ளைச் சட்டையும் கஸ்தி என்ற இடுப்புக் கயிறும் போட்டாயிற்று. ரத்தம் என்று பார்த்தால் என் மகனுக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?” எனக்கும் பதில் தெரியவில்லை.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும், அவர்களை மூர்க்கர்கள் என்று ஒதுக்குவது சுலபம். மும்பையில் தொழில் செய்யும் 66 வயதுக்காரர் நிதானமாகவே பேசினார்: “ஈரானிலிருந்து வந்து ஆயிரம் வருடத்துக்கு மேல் தாங்கியது இந்தக் கட்டுப்பாட்டால்தான். தலை எண்ணிக்கைக்காகத் தளர்த்தினால் மூன்றாம் தலைமுறையில் கஸ்தி கட்டத் தெரிந்தவன் எவன் இருப்பான்?” குஜராத்தின் உத்வாடாவில் இன்றும் எரியும் ஈரான்ஷா என்ற புனித நெருப்பை அவர் சாட்சியாகக் காட்டுகிறார். வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு செலவைப் பெண்கள் தலையில் மட்டும் ஏற்றுகிறது என்பதற்கு அவர் சொன்ன பதில் எனக்குப் போதவில்லை.

நெருப்பைக் காப்பது யார் என்பது இன்னொரு நெருக்கடி. மோபெத், அதாவது பூசாரி, பரம்பரையாக வர வேண்டும். 48 வயது மோபெத் ஒருவர் வேலையைக் காட்டினார்: மூச்சு படாமல் வாயை மூடிய வெள்ளைத் துணி, சந்தனக் கட்டைகள், மணி, நாளைக்கு ஐந்து வேளை. விடியலுக்கு முந்தைய வேளைக்கும் லீவு கிடையாது. “என் இரண்டு பையன்களும் பூசாரியாவதற்கான நாவர் சடங்கை முடித்தவர்கள். ஒருவன் கனடாவில், ஒருவன் ஐடியில். போகாதே என்று சொல்ல என் சம்பளத்துக்குத் தைரியம் இல்லை.”

சாவுச் சடங்கும் மாறுகிறது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் கழுகுகள் ஒழிந்துபோக, உடலைக் கழுகுக்குத் தரும் தொக்மா முறை தடுமாறியது. தகனத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்காக 2015-இல் மும்பை ஒர்லியில் ஒரு பிரார்த்தனைக் கூடம் திறந்தார்கள். ஆசிரியை அங்கேதான் போவாராம், மோபெத்துக்கு அது அடியோடு ஆகாது. இருவரும் இருபது வருடப் பழக்கம்.

கடைசியாக சென்னைப் பெண்ணிடம் அடுத்த கணக்கெடுப்பைப் பற்றிக் கேட்டேன். வீட்டில் சொல்லும் மதத்தைத்தான் எழுதுவார்கள், அஞ்சுமன் என்ற பார்சி சமூகச் சங்கத்தின் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். “மகனுக்கு சொராஸ்ட்ரியன் என்றே சொல்வேன். வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார், மாமியாரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.”