மென்சீஸின் செவிலியர் ஆய்வு: காஸ்ப் பட்டியல்படி ஒரு மதிப்பீடு

ஜர்னல் கிளப், மெடிக்கல் வார்டு
கட்டுரை: இசபெல் மென்சீஸ், ஹியூமன் ரிலேஷன்ஸ் இதழ், 1960
கருவி: ஆய்வுக் கட்டுரையின் தரத்தைச் சோதிக்கும் காஸ்ப் பட்டியல், பண்புசார் ஆய்வுகளுக்கானது, 10 கேள்விகள்

நம் வார்டில் வேலைவாரியாகப் பிரிக்கும் ஃபங்ஷனல் அசைன்மென்டை விட்டு, ஒரு செவிலியருக்குச் சில நோயாளிகளை முழுதாக ஒப்படைக்கும் பேஷண்ட் அசைன்மென்டுக்கு மாறலாமா என்ற பேச்சு வந்தபோது, ஆதாரமாக இந்தக் கட்டுரையைத்தான் எடுத்துக்காட்டினார்கள். ஒருவர் மருந்து மட்டும், ஒருவர் பிபி மட்டும், ஒருவர் டிரெஸ்ஸிங் மட்டும் என்று வேலையைத் துண்டு போடுவது நோயாளியின் வேதனையிலிருந்து செவிலியர் தப்பிக்கக் கண்டுபிடித்த வழி என்பது மென்சீஸின் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு வார்டின் வேலைமுறையை மாற்றும் அளவுக்கு அது தாங்குமா என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன்.

முதலில் ஒரு நியாயம். காஸ்ப் 1993-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது. நம்பகத்தன்மை, பிற இடப் பொருத்தம் என்ற பண்புசார் ஆய்வு அளவுகோல்களை ஆய்வுமுறை அறிஞர்கள் லிங்கனும் கூபாவும் முன்வைத்தது 1985-ல். 1960-ல் எழுதியவருக்கு இவை எதுவும் தெரியாது. ஆகவே அவர் எழுதாமல் விட்டதற்கெல்லாம் 'இல்லை' என்று போடவில்லை. பல இடங்களில் 'சொல்ல முடியாது' என்றே போட்டிருக்கிறேன். காஸ்ப் மதிப்பெண் கூட்டச் சொல்வதில்லை, நானும் கூட்டவில்லை.

முதல் இரண்டும் மேலே படிக்கலாமா என்று வடிகட்டும் கேள்விகள். நோக்கம் தெளிவா? தெளிவு. மாணவச் செவிலியரை வார்டுகளுக்கு ஒதுக்குவதில் சிக்கல். ஆள் தேவையும் பயிற்சித் தேவையும் மோதுகின்றன. உதவுங்கள் என்று மருத்துவமனையே மென்சீஸ் வேலை பார்த்த டேவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டது. பண்புசார் முறை பொருந்துமா? பொருந்தும். இரண்டுக்கும் ஆம்.

வடிவமைப்பு, ஆள் தேர்வு, தரவு சேகரிப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். சுமார் 700 பேர் கொண்ட செவிலியர் சேவை. அதில் பயிற்சி முடித்தவர்கள் 150 பேர்தான், மீதி மாணவர்கள். சுமார் 70 செவிலியருடன் தனியாகவோ சிறு குழுவாகவோ நேர்காணல், மூத்த மருத்துவர்கள், நிர்வாகத்தினருடன் பேச்சு, வார்டுகளில் நேரடி கவனிப்பு, இவை போக முறைசாராப் பழக்கம். ஒரே விஷயத்தைப் பல வாசல் வழியாகப் பார்த்திருக்கிறார் என்பது நம்பகத்தன்மைக்குப் பலம். ஆனால் அந்த 70 பேர் யார், எப்படித் தேர்ந்தார்கள், யாராவது பேச மறுத்தார்களா என்பதற்கு விவரம் இல்லை. தேர்வுக்கு 'சொல்ல முடியாது', சேகரிப்புக்கு அரை மனதுடன் ஆம்.

ஆறாவது கேள்வி, ஆய்வாளருக்கும் பங்கேற்பாளருக்கும் உள்ள உறவு. பட்டியலில் பலர் ஒரு வரியில் கடந்துபோகும் கேள்வி இது; இந்தக் கட்டுரைக்கோ இதுதான் கழுத்தைப் பிடிக்கிறது. மென்சீஸ் உளப்பகுப்பாய்வாளர். பதற்றத்துக்கு எதிரான நனவிலித் தற்காப்பு பற்றி மெலனி கிளைன், எலியட் ஜாக்ஸ் ஆகியோர் சொன்ன கோட்பாட்டில் நின்றே பார்க்கிறார், அதை மறைக்கவும் இல்லை. மருத்துவமனையோடு தனக்கிருந்தது சிகிச்சை போன்ற உறவு, மாற்றத்துக்குத் துணைபுரிவதே குறி என்றும் சொல்லிவிடுகிறார். இந்த நேர்மைக்கு முழு மதிப்பு உண்டு. ஆனால் கோட்பாடு தன் கண்ணை எங்கே திருப்பியிருக்கும் என்று தன்னையே கேட்டுக்கொண்ட தடயம் போதாது. நிர்வாகம் அழைத்துவந்த ஆலோசகரிடம் ஒரு முதலாண்டு மாணவி எவ்வளவு மனம் திறந்திருப்பாள் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

அறநெறி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவ ஆய்வுக்கான அறநெறிகளை வகுத்த ஹெல்சிங்கி பிரகடனமே 1964-ல்தான் வந்தது. மருத்துவமனையின் பெயரை வெளியிடவில்லை, அதுவரை சரி.

எட்டாவது, பகுப்பாய்வு. கட்டுரையில் எல்லாருக்கும் நினைவிருக்கும் இடம் ஒன்று உண்டு. செவிலியர் நோயாளியைப் பெயரால் சொல்லாமல் '10-ம் படுக்கை ஈரல்', '15-ம் படுக்கை நிமோனியா' என்று சொல்வதாக எழுதுகிறார். அந்த இடத்தைப் படிகளாகப் பிரித்துப் பாருங்கள். இப்படிப் பேசுகிறார்கள்: இது கண்டது, கேட்டது. இது நோயாளியைத் தனி மனிதராகப் பார்ப்பதைக் குறைக்கிறது: நியாயமான அனுமானம். இது பதற்றத்துக்கு எதிரான நனவிலித் தற்காப்பு: இது கோட்பாடு. முதல் படியிலிருந்து மூன்றாவதுக்கு எப்படி ஏறினார் என்பதற்கான தடம் கட்டுரையில் இல்லை. நேர்காணல் மேற்கோள்கள் குறைவு, பேச்சுத் தரவை எப்படி வகைப்படுத்தினார் என்ற குறியீட்டு முறை பற்றிப் பேச்சில்லை. இன்னொரு விளக்கமும் சாத்தியம்தானே? ஆள் பற்றாக்குறையில் ஹேண்டோவரைச் சீக்கிரம் முடிக்கவும் ஒருவர் படுக்கை எண்ணைச் சொல்லலாம். நாமே தினமும் சொல்கிறோம். அந்த விளக்கத்தை எடுத்துவைத்து, தரவைக் காட்டி ஒதுக்கியிருந்தால் நம்பிக்கை கூடியிருக்கும்.

இதைவிடச் சிக்கலானது ஒன்று. மருத்துவமனை மாற்றத்தைத் தவிர்த்ததையும் தற்காப்பின் பட்டியலிலேயே அவர் சேர்த்துவிடுகிறார். அப்படியானால் செவிலியர் அவர் விளக்கத்தை ஏற்றால் அது சரி, மறுத்தாலும் சரி. கண்டதைப் பங்கேற்பாளரிடம் திருப்பிக் காட்டிச் சரிபார்க்கும் வழி இங்கே அடைபட்டுப் போகிறது. மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பயிற்சியைப் பாதியில் விட்டார்கள் என்பது தகவல். விட்டவர்களில் முதிர்ச்சி உள்ளவர்களே கணிசம் என்பதற்கு மட்டும் ஒப்பீடு எதுவும் முன்வைக்கப்படவில்லை. எட்டாவதுக்கு என் பதில் 'இல்லை'. நம் குழுவில் சிலர் 'சொல்ல முடியாது' போடுவார்கள், வாதாடத் தயார்.

ஒன்பதாவது, முடிவுகள் தெளிவா? மிகத் தெளிவு. வேலையைத் துண்டாக்குவது, சடங்குபோல் செய்வது, சரிபார்ப்புக்கு மேல் சரிபார்ப்பு, பொறுப்பை மேலே தள்ளிவிடுவது என ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துகிறார்.

கடைசிக் கேள்வி பயன் பற்றியது. பிற இடத்துக்குப் பொருந்துமா என்று நிரூபிப்பது ஆய்வாளர் வேலை அல்ல. நாம் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு விரிவாக எழுதுவதே அவர் கடமை. அதை மென்சீஸ் நன்றாகவே செய்திருக்கிறார். அடுக்குமுறை, நாலு வருடப் பயிற்சி, மாணவரை வார்டுக்கு வார்டு மாற்றுவது எல்லாம் தெரிகிறது. அதனால்தான் வித்தியாசமும் தெரிகிறது. அங்கே வார்டைத் தாங்கியது மாணவர்கள். நம் வார்டில் பதிவு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ்கள். அங்கே குடும்பத்தார் வெளியே. இங்கே ஒவ்வொரு கட்டிலுக்கும் குடும்பத்திலிருந்து ஒரு அட்டெண்டர், குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். நோயாளியோடு நெருங்கும் நேரமே வேறு மாதிரி பங்கிடப்பட்டிருக்கும்போது, பதற்றம் பற்றிய விளக்கத்தை அப்படியே எடுத்துவர முடியாது. துண்டு வேலை, இரட்டைச் சரிபார்ப்பு, இன்சார்ஜ் சிஸ்டரைக் கேட்காமல் எதையும் முடிவெடுக்கத் தயங்குவது, இவை பற்றிய வர்ணனை மட்டும் அச்சாக நம் வார்டுபோல் இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: வர்ணனையை எடுத்துக்கொள்ளலாம், காரணத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. பேஷண்ட் அசைன்மென்டுக்கு மாறினால் பராமரிப்பு மேம்படும் என்பதற்கு இது ஆதாரம் ஆகாது, அதைக் கட்டுரை அளக்கவே இல்லை. நம் ஸ்டாஃபிடம் என்ன கேட்பது என்று முடிவுசெய்ய இது உதவும். அடுத்த கூட்டத்துக்கு முன் மூன்று ஷிஃப்டிலும் இந்த இரண்டை மட்டும் கேட்கலாம்: இன்று எந்த நோயாளியின் நிலை உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருந்தது? எந்த முடிவை நீங்களே எடுத்திருக்கலாம், ஆனால் மேலே கேட்டீர்கள்? பதிலை இன்சார்ஜ் வாங்க வேண்டாம், வேறு வார்டு சிஸ்டர் ஒருவர் வாங்கட்டும்.