வேப்பங்குச்சி: நான்கு பருவம், ஒரு தம்பதி, பதினொரு ஹைக்கூ

ஜப்பானில் ஹைக்கூ 5-7-5 என்ற பதினேழு ஒலியலகில் நடக்கிறது. தமிழில் அந்தக் கணக்கை யாரும் கட்டாயமாகப் பிடிப்பதில்லை, பிடித்தால் அசைச்சொல் திணிக்க வேண்டிவரும். ஆனால் அளவு ஒன்று வேண்டும். இந்த வரிசைக்கு உச்சவரம்பு பத்துச் சொல், மூன்று வரி, ஒரே ஒரு வெட்டு. வெட்டு என்பது முதல் வரி முடிவிலோ இரண்டாம் வரி முடிவிலோ மூச்சு நிற்கும் இடம். இரண்டு இடத்திலும் நின்றால் கவிதை மூன்று துண்டாகி, பட்டியல்போல ஆகிவிடும்.

அடக்கத்துக்கு நம்மிடமே ஒரு கருவி இருக்கிறது. சங்கக் கவிதையின் அகத்திணை, நிலமும் பொழுதுமான முதல், அந்த நிலத்தில் காணும் பொருள்களான கரு, மனநிலையான உரி என்று பிரிக்கிறதே, அதில் முதலும் கருவும் மட்டும் எழுத்தில் வரட்டும். உரிப்பொருளை, அதாவது ஊடலோ இரங்கலோ இருத்தலோ எதுவாயினும், ஒரு சொல்லாலும் தொடக்கூடாது. கீழே உள்ள எதிலும் ‘காதல்’, ‘கோபம்’, ‘சோகம்’, ‘மௌனம்’ கிடையாது. ‘மௌனம்’தான் மிக ஆபத்தானது, அடக்கம் மாதிரி வேஷம் போட்டு உள்ளே வந்துவிடும்.

களம் காவிரி டெல்டாவின் கடைமடை. தம்பதிக்குப் பெயரில்லை, வயதில்லை.

கோடை

மதிய மின்வெட்டு
பனையோலை விசிறி
கை மாறுகிறது

வாய்க்கால் புழுதி
முன்னே அவன் தடம்
அதன்மேல் அவள் தடம்

வேப்பம்பூ உதிர்கிறது
இரண்டு பாய்களுக்கும்
நடுவே

மூன்றாவதில் ‘நடுவே’ தனி வரியாக நிற்பதால் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. சண்டையா, புழுக்கமா என்று வாசகர் தீர்மானிக்கட்டும். முதல் கவிதையில் விசிறி யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்றும் சொல்லவில்லை. ‘அவள் கைக்கு’ என்று எழுதினால் அது கணவனின் பெருந்தன்மையைப் பற்றிய கவிதையாகிவிடும். தொடர் முழுவதிலும் ‘அவன்’, ‘அவள்’ வருவது நான்கில் மட்டும்தான். தமிழ் வினைமுற்றே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும்போது எழுவாயை மறுபடி எழுதுவது வீண் செலவு.

வைகாசிக் கடைசி, ஆனி, ஆடி

மேட்டூர் திறப்பு
அவள் காதுத் துளையில்
வேப்பங்குச்சி

ஆடிக்காற்று
அகல்விளக்கைச் சுற்றி
நான்கு கைகள்

நடவு முடிந்த மாலை
அவளுக்கான தேநீரை
ஆற்றுகிறான்

தொடரின் முதுகெலும்பு மேட்டூர்க் கவிதை. அதன் முதல் வரைவு இப்படி இருந்திருக்கலாம்:

அடகுக்குப் போன தோடு
ஏழை மனைவியின் காதில்
கண்ணீராய் வேப்பங்குச்சி

இதில் தவறு நான்கு. ‘அடகு’ காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ‘ஏழை’ தீர்ப்பு எழுதுகிறது. ‘கண்ணீராய்’ உவமை, காதில் செருகிய குச்சி அதுவாகவே இருக்கவிடாமல் வேறொன்றாக மாற்றுகிறது. ‘மனைவி’ உறவுமுறைச் சான்றிதழ். நான்கையும் எடுத்தபின் முதல் வரிக்கு ‘கூட்டுறவு வங்கி’ என்று போட்டுப் பார்க்கலாம். சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் வங்கிக்கும் வெறும் காதுக்கும் இடையே தாண்ட ஓரடி தூரம்கூட இல்லை. ‘மேட்டூர் திறப்பு’ வந்ததும் தூரம் கூடுகிறது: ஜூன் 12 மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாள், குறுவை நெல்லுக்குத் தண்ணீர் வரும், உழவுக்கும் விதைக்கும் பணம் வேண்டும், தோடு போகும், துளை தூர்ந்துபோகாமல் இருக்கக் குச்சி வரும். இத்தனையையும் வாசகரே நடந்து கடக்கிறார். ஊருக்கே கொண்டாட்டமான செய்தி ஒரு வீட்டில் என்ன விலை கேட்கிறது என்பதும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு படிமங்களும் ஒரே அறையில் இருந்தால் தூரம் போதாது. யாருக்கும் எட்டாத அளவு விலகினாலோ புதிர்.

டெல்டாவைத் தெரியாத வாசகருக்கு இது புரியாமல் போகலாம். அதற்காக அடிக்குறிப்பு போடாதீர்கள். பக்கத்துக் கவிதைகள் நடவையும் நெல்லையும் காட்டும். தொடராக எழுதுவதன் சௌகரியமே அதுதான்.

ஐப்பசி

ஐப்பசித் தூறல்
தார்ப்பாயின் மறுமுனை
அவள் கையில்

ஈரப்பதம் பதினெட்டு
மூட்டைமேல் உறங்குபவனுக்குக்
குடை பிடிக்கிறாள்

இரவெல்லாம் மழை
ஒழுகாத மூலையில்
இரண்டு பாய்கள்

நெல் கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதனால் ‘பதினெட்டு’ என்ற எண் ஒன்றே போதும். ‘திருப்பி அனுப்பினார்கள்’ என்ற வரி தேவையில்லை. இருபத்திரண்டு என்று போட்டால் பரிதாபம் கூடும், கூர்மை போய்விடும். ஒரே ஒரு புள்ளி கூடிப்போய் நிற்கும் நெல்லுக்குத்தான் இரவு முழுக்கக் காவல் இருப்பார்கள்.

மூன்றாவதின் கடைசி வரிக்கு ‘ஒரே பாய்’ என்பதுதான் முதலில் கைக்கு வரும். வாசிப்பு மேடையில் கைத்தட்டும் கிடைக்கும். ஆனால் அது கோடைக் கவிதைக்கு விடை எழுதி மூடிவிடுகிறது. இரண்டு பாய்கள் இரண்டாகவே இருக்கட்டும், மூலை சிறியது என்பது வாசகருக்குத் தெரியும். மூன்றாம் வரியில் ஒரு திருப்பம் வைத்து ‘அட!’ போடவைக்கும் பழக்கம் தமிழ் ஹைக்கூவில் வெகுவாகப் பரவியிருக்கிறது. திருப்பம் ஒருமுறைதான் வேலை செய்யும், இரண்டாம் வாசிப்பில் விடை தெரிந்த விடுகதை. சோதிக்க எளிய வழி: மூன்றாம் வரியை மேலே ஏற்றி, முதல் வரியைக் கீழே இறக்கிப் படியுங்கள். அப்போதும் கவிதை நின்றால் நல்லது. சரிந்தால் அது நகைச்சுவைத் துணுக்கு.

மார்கழி, தை

மார்கழிப் பனி
கோலத்தைத் தாண்ட
சைக்கிளைத் தூக்குகிறான்

தை பிறந்தது
கண்ணாடிக்குக் கீழே
வேப்பங்குச்சி

தோடு மீண்டுவிட்டது என்பதற்குத் தோட்டைக் காட்டினால் விளம்பரப் படமாகிவிடும். கழற்றிப் போட்டதைக் காட்டுங்கள். பதினொரு கவிதைகளில் குச்சி இரண்டுமுறைதான் வருகிறது, நடுவே ஆறு கவிதைகள் இடைவெளி. ஐப்பசியிலும் ஒருமுறை அதைத் தொட்டிருந்தால் ‘குறியீடு’ என்று பலகை மாட்டியதுபோல் இருக்கும்.

பருவத்துக்கு மூன்று என்று வந்துவிட்டு இங்கே மட்டும் இரண்டு. பன்னிரண்டாவதற்கு ஓர் ஆள் வாசலில் காத்திருந்தது உண்மை:

பனி விலகும் வயல்
முன்னே அவள் தடம்
அதன்மேல் அவன் தடம்

தனியாகப் பார்த்தால் பிழையில்லை. தொடருக்குள் வைத்தால் கோடைக் கவிதையைத் தலைகீழாக்கி, ‘பாருங்கள், மாறிவிட்டார்கள்’ என்று சுட்டிக்காட்டுகிறது. மேலும் சைக்கிளைத் தூக்கியபோதே அந்த வேலை முடிந்துவிட்டது. ஒரே செய்தியைச் சொல்லும் இரண்டில் கண்ணில் படும் பொருள் அதிகமாகவும் விளக்கம் குறைவாகவும் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை சமமாக இல்லையே என்று நிரப்பப்படும் கவிதைதான் தொடரில் முதலில் பழுக்கும் இலை.

அச்சுக்குப் போகும்போது சில சில்லறை விஷயங்கள். தனித்தனித் தலைப்பு வேண்டாம், அது திருட்டுத்தனமான நான்காம் வரி. மூன்று புள்ளியும் ஆச்சரியக்குறியும் வேண்டாம். வெட்டை வரிமுறிவே காட்டும். வினை நிகழ்காலத்தில் இருப்பது நல்லது, ‘தூக்கினான்’ என்றால் யாரோ கதை சொல்லத் தொடங்கிவிடுவார். பக்கத்துக்கு ஒன்று என்று விரயம் செய்யாமல், ஒரு பருவத்தின் கவிதைகள் ஒரே பக்கத்தில் வரட்டும். பாய்களுக்கு நடுவே உதிரும் பூவைப் படிக்கும்போது கை மாறிய விசிறி கண்ணில் பட வேண்டும்.