விலைப்புள்ளி கேட்பு: பள்ளிச் சீருடைத் துணி

பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை
9 மார்ச் 2026

ஐயா, வணக்கம்.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தைத்து முடிக்க வேண்டிய சீருடைகளுக்குத் துணி வாங்க இருக்கிறோம். இதே கடிதத்தை ஒரு எழுத்துகூட மாற்றாமல் ஐந்து வியாபாரிகளுக்கு இன்று அனுப்புகிறோம். உடன் வைத்திருக்கும் இரண்டு மாதிரித் துண்டுகளும் ஐந்து பேருக்கும் ஒரே தானிலிருந்து வெட்டியவை.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்கலாம். போன வருடம் ஆளாளுக்குப் போனில் ரேட் கேட்டோம். ஒருவர் ஜி.எஸ்.டி. சேர்த்துச் சொன்னார், ஒருவர் சேர்க்காமல் சொன்னார். மூன்றாமவர் சொன்னது குடோன் விலை. குறைவாகத் தெரிந்ததை வாங்கினோம். வண்டி வாடகை, இறக்குகூலி எல்லாம் சேர்ந்தபோது அதுதான் மூன்றிலும் அதிகம். அதைவிடப் பெரிய வருத்தம், 58 அங்குலம் என்று வந்த தான்களை விரித்து அளந்தால் கரை நீக்கி 56தான் இருந்தது. மார்க்கர் போட்டால் ஒரு கை வெளியே நின்றது. உங்கள் தொழிலும் எங்கள் தொழிலும் நேர்மையாக நடக்க வேண்டும் என்பதால்தான் இந்த வருடம் எழுத்தில் கேட்கிறோம்.

தேவை இதுதான். முதலாவது, சட்டைத் துணி 2,400 மீட்டர்: வான்நீலக் கட்டம், பாலியஸ்டர் 67, பருத்தி 33, ஜி.எஸ்.எம். 110. இரண்டாவது, பேன்ட், ஸ்கர்ட்டுக்கான துணி 1,800 மீட்டர்: கருநீலம், பாலியஸ்டர் 65, விஸ்கோஸ் 35, ஜி.எஸ்.எம். 220. இரண்டுக்கும் அகலம் கரை நீக்கி 58 அங்குலம். ஒவ்வொரு துணியும் முழுக்க ஒரே சாய லாட்டாக இருக்க வேண்டும். இதில் எந்த விட்டுக்கொடுத்தலும் முடியாது. உடல் ஒரு நீலம், கை ஒரு நீலம் என்றால் அந்தச் சட்டையைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? ஒரு தான் 40 மீட்டருக்குக் குறையக் கூடாது. நடுவே ஒட்டு இருந்தால் அந்த இடத்தில் அடையாளம் கட்டி அனுப்புங்கள்.

விலையை இரண்டு துணிக்கும் தனித்தனியாக, மீட்டருக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். ஜி.எஸ்.டி. அதில் சேரக் கூடாது, தனி வரியாக இருக்கட்டும். வண்டி, ஏற்றுகூலி, இறக்குகூலி மூன்றும் எங்கள் வாசல் வரை விலைக்குள் அடங்க வேண்டும். எங்கள் சந்துக்குள் குட்டி யானை வரும், லாரி வராது. லாரியில் அனுப்பினால் எம்.சி. ரோட்டிலேயே இறக்கி மீன்பாடி வண்டியில் கொண்டுவர வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

சித்திரை முதல் நாள் விடுமுறை கழிந்து ஏப்ரல் 16-க்குள் பாதிச் சரக்கு, 30-க்குள் மீதி வர வேண்டும். பணம் எல்லோருக்கும் ஒரே மாதிரி: ஆர்டரோடு 30 சதவீதம், மீதி கடைசிச் சரக்கு இறங்கி 30 நாளில். ரொக்கத்துக்குத் தள்ளுபடி தருவதாக இருந்தால் தனியாக எழுதுங்கள், ஆனால் ஒப்பிடும்போது அதைப் பார்க்க மாட்டோம். விலை ஏப்ரல் 30 வரை மாறக் கூடாது.

விலையோடு இரண்டு துணியிலும் ஒவ்வொரு மீட்டர் மாதிரி அனுப்புங்கள். அதில் 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, நனைத்து, நிழலில் காயவைத்து அளப்போம். எந்தப் பக்கமும் 1 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது 2 சதவீதத்துக்கு மேல், சுருங்கக் கூடாது. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தும் பார்ப்போம். சாயம் ஒட்டினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எடுக்க மாட்டோம். சோதனையில் தேறியவற்றுள் வாசல் விலை குறைந்தவருக்கு ஆர்டர். சட்டைத் துணி ஒருவரிடமும் பேன்ட் துணி இன்னொருவரிடமும் வாங்க நேரலாம்.

நாங்கள் கேட்ட கலவை உங்களிடம் இல்லாமல் வேறு நல்ல துணி இருந்தால், அதை இரண்டாவது தாளில் எழுதுங்கள். முதல் தாளில் கேட்டதற்கு மட்டும் விலை இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தால் மார்ச் 16-க்குள் எழுத்தில் கேளுங்கள். யார் கேட்டார் என்று சொல்லாமல், கேள்வியையும் பதிலையும் ஐந்து பேருக்கும் அனுப்புவோம். விலைப்புள்ளியை மூடிய உறையில், மார்ச் 23 திங்கள் மாலை 4 மணிக்குள் எங்கள் தையல் கூடத்தில் கொடுங்கள். 4:30-க்கு எல்லா உறைகளையும் ஒன்றாகப் பிரிப்போம். நீங்களோ உங்கள் ஆளோ கூட இருக்கலாம். அதற்கு முன் ஒருவர் விலையை இன்னொருவரிடம் சொல்ல மாட்டோம். பிரித்த பிறகு ஒருவரை மட்டும் கூப்பிட்டு, ‘இன்னும் ரெண்டு ரூபாய் குறையுங்கள்’ என்று பேரமும் பேச மாட்டோம். அதனால் உங்கள் கடைசி விலையையே முதலில் எழுதிவிடுங்கள்.

ஆர்டர் யாருக்கு என்று மார்ச் 27-இல் ஐந்து பேருக்கும் தெரிவிப்போம். கிடைக்காதவர்கள் எதனால் என்று கேட்டால், அளவு நோட்டைக் காட்டிச் சொல்வோம்.

இப்படிக்கு,
கொள்முதல் பொறுப்பாளர்,
சீருடைத் தையல் கூடம்

இணைப்பு: மாதிரித் துண்டுகள் 2