சிறப்பு அனுமதி மனு: சுருக்கக் குறிப்பு

மனுதாரரின் இரண்டு சகோதரர்கள் தாக்கல் செய்த இரண்டாம் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் 12.8.2024 அன்று தீர்ப்பு வழங்கியது. விசாரணை நீதிமன்றமும் முதல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒருமித்து மனுதாரருக்கு வழங்கியிருந்த மூன்றில் ஒரு பங்குக்கான முதல்நிலைத் தீர்ப்பாணையை அத்தீர்ப்பு ரத்து செய்து, பாகப்பிரிவினை வழக்கை முற்றிலுமாகத் தள்ளுபடி செய்துவிட்டது. அதை எதிர்த்து, அரசியலமைப்பின் 136-வது பிரிவின் கீழ் மேல்முறையீட்டுக்கு அனுமதி வேண்டி இம்மனு தாக்கல் செய்யப்படுகிறது.

சொத்து, தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள 4 ஏக்கர் 20 சென்ட் நஞ்சை நிலம். அது பூர்வீகச் சொத்து என்பதில் தரப்பினரிடையே தகராறு இல்லை. தாயார் 1991-லும், தந்தை உயில் எதுவும் எழுதாமல் 1998-லும் காலமானார்கள். மனுதாரருக்கு 1986-லேயே திருமணமாகிவிட்டதால், 25.3.1989-க்கு முன் மணமான மகள்களை விலக்கி வைத்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாடு திருத்தத்தின் (1990-ஆம் ஆண்டின் 1-வது சட்டம்) பயன் அவருக்குக் கிடைக்கவில்லை. அத்தகைய விலக்கு எதுவும் இல்லாமல் மகளையும் பிறப்பால் கோபார்சனர் ஆக்கிய 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமே அவர் சார்ந்து நிற்கும் உரிமை. தந்தை 9.9.2005 அன்று உயிரோடு இல்லை என்பது இவ்வுரிமைக்குத் தடையல்ல என்பது வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் (11.8.2020) மூன்று நீதிபதிகள் அமர்வால் தீர்க்கப்பட்டுவிட்டது, பிரகாஷ் எதிர் புலாவதி வழக்கின் மாறான கருத்து அதில் நீக்கப்பட்டது. ஆகவே மனுதாரரின் வழியில் நிற்பது ஒன்றே ஒன்றுதான்: மத்தியத் திருத்தம் வெட்டுநாளாக வைத்த 20.12.2004-க்கு முன்பே பாகப்பிரிவினை நடந்து முடிந்துவிட்டது என்ற சகோதரர்களின் எதிர்வாதம்.

அந்த எதிர்வாதம் ஒரே ஒரு தாளைச் சார்ந்தது. 14.6.1995 தேதியிட்ட, பதிவு செய்யப்படாத கூர்சீட்டு (சான்றாவணம் பி-2) அது. தந்தை தமக்குப் பங்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்து, ஆண்டுக்கு 6 மூட்டை நெல் மட்டும் பெற்றுக்கொள்வதாகவும், நிலத்தை இரண்டு மகன்களும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டதாகவும் அது கூறுகிறது. 1995 முதல் 2007 வரை பட்டா தந்தை பெயரிலேயே நீடித்தது. 2007-ல்தான், மனுதாரருக்கு அறிவிப்பு எதுவும் இல்லாமல், நிலம் உட்பிரிவு செய்யப்பட்டு சகோதரர்கள் பெயருக்குப் பட்டா மாறியது. 2017-ல் இரண்டாவது சகோதரர் தம் பாதியை விற்க முயன்றபோது மனுதாரர் வழக்குத் தொடுத்தார்.

விசாரணை நீதிமன்றம் 2020 நவம்பரில் வழங்கிய தீர்ப்பில் கண்டறிந்த ஒரு விவரத்தை இங்கே தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. 2007-ல் முதன்முறையாக வழங்கப்பட்ட உட்பிரிவு எண், 1995-ல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் கூர்சீட்டின் சொத்து விவரத்தில் இடம்பெற்றிருக்கிறது. இதற்கு முதலாம் பிரதிவாதி குறுக்கு விசாரணையில் விளக்கம் எதுவும் தரவில்லை. ஆவணம் பின்னாளில் தயாரிக்கப்பட்டது என்ற முடிவை முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-ல் உறுதி செய்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்பிலோ இந்த உட்பிரிவு எண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சாட்சியத்தை இம்மாண்பமை நீதிமன்றம் மறுபடி எடைபோட வேண்டும் என்பது மனுதாரரின் கோரிக்கை அல்ல. எடைபோட்டு முடிந்த ஒன்றைக் கண்ணெடுத்தும் பாராமல் ஒதுக்க, இரண்டாம் மேல்முறையீட்டில் அதிகாரம் உண்டா என்பதே அவர் எழுப்பும் கேள்வி.

இரண்டாம் மேல்முறையீடு 2023-ல் ஏற்கப்பட்டபோது வகுக்கப்பட்ட கணிசமான சட்ட வினா ஒன்றே: மனுதாரர் அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டதால் வழக்கு காலவரம்பால் தடைப்படுகிறதா என்பது. தீர்ப்பு அதற்கு விடை சொல்லவில்லை. மாறாக, வகுக்கப்படாத வேறொரு கேள்விக்குள் நுழைந்து, வாய்மொழிப் பாகப்பிரிவினை நிரூபிக்கப்பட்டதாக முடிவு செய்தது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 100-வது பிரிவின் 5-ஆம் உட்பிரிவு, வகுக்கப்பட்ட வினாவின் மீதே மேல்முறையீடு கேட்கப்பட வேண்டும் என்கிறது. வேறு வினாவைக் கேட்கும் அதிகாரத்தை அதன் காப்புரை தருகிறது என்றாலும், காரணங்களைப் பதிவு செய்வதை அது நிபந்தனையாக்குகிறது. இங்கே புதிய வினாவும் வகுக்கப்படவில்லை, காரணமும் பதியப்படவில்லை, மனுதாரரின் வழக்கறிஞருக்கு அப்பொருளில் வாதிட வாய்ப்பும் தரப்படவில்லை.

இக்குறை மட்டும் இருந்திருந்தால், வழக்கைத் திருப்பி அனுப்பினால் போதும். ஆனால் தீர்ப்பின் அடிப்படையே ஒரு பெரிய கேள்வியை எழுப்புகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6(5) பிரிவின் விளக்கம், பாகப்பிரிவினை என்பது பதிவு செய்யப்பட்ட பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ நிகழ்ந்ததை மட்டுமே குறிக்கும் என்கிறது. வினீதா சர்மா தீர்ப்பு இக்கண்டிப்பை உறுதி செய்தபின், ஒரு குறுகிய வாசலை மட்டும் திறந்து வைத்தது: வாய்மொழிப் பாகப்பிரிவினை பொது ஆவணங்களால் ஆதரிக்கப்பட்டு, நீதிமன்றத் தீர்ப்பாணையால் நிகழ்ந்ததற்கு ஒப்பாக இறுதியில் வெளிப்படும் விதிவிலக்கான நேர்வுகளில் அதை ஏற்கலாம் என்பதே அது. 2007-ஆம் ஆண்டுப் பட்டா மாறுதலை அத்தகைய பொது ஆவணமாக உயர் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அந்தப் பொது ஆவணம் 20.12.2004-க்கு முன்பே உருவாகியிருக்க வேண்டுமா என்பது அத்தீர்ப்பில் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. இம்மனு நிற்பது அந்த இடைவெளியில்தான். வெட்டுநாளுக்குப் பின் வருவாய்த் துறையில் செய்துகொண்ட ஒரு மாறுதல், முன்னர் நடந்ததாகச் சொல்லப்படும் பாகப்பிரிவினையைப் பின்னோக்கி நிலைநாட்டும் என்றால், திருத்தம் தடுக்க முனைந்த அதே பழக்கத்துக்கு அது வழி திறந்துவிடும். பட்டா உரிமையை உருவாக்குவதில்லை என்ற நிலைபெற்ற சட்டமும் இதற்கு எதிரானது.

எனவே இம்மாண்பமை நீதிமன்றத்தின் முடிவுக்கு எழும் கணிசமான சட்ட வினா இதுவே: 6(5) பிரிவின் விளக்கத்துக்கு வினீதா சர்மா வழக்கில் அனுமதிக்கப்பட்ட விதிவிலக்கை, 20.12.2004-க்குப் பின் மட்டுமே உருவான வருவாய்ப் பதிவேட்டைக் கொண்டு, பதிவு செய்யப்படாத கூர்சீட்டில் கண்ட பாகப்பிரிவினைக்குப் பொருத்த இயலுமா? இதனோடு சேர்ந்தெழும் துணை வினா, வகுக்கப்படாத ஒரு வினாவின் மீது, ஒருமித்த உண்மை முடிவுகளை இரண்டாம் மேல்முறையீட்டில் கவிழ்க்க இயலுமா என்பது.

கூர்சீட்டு முன்பே நடந்த ஏற்பாட்டின் நினைவுக்குறிப்பு என்பதால் பதிவு தேவையில்லை என்றும் உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த ஆவணத்தின் வாசகம் இதற்கு இடம் தரவில்லை. “இன்று தேதியில் பங்கிட்டுக்கொண்டு, இன்று முதல் அவரவர் பாகத்தை அவரவர் அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்றே அது எழுதப்பட்டிருக்கிறது. நடந்ததை நினைவுபடுத்தும் மொழி அல்ல இது, அந்தக் கணத்திலேயே உரிமையை உண்டாக்கும் மொழி. அத்தகைய ஆவணம் பதிவுச் சட்டத்தின் 17(1)(பி) பிரிவின்கீழ் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டது. பதியப்படாதபோது 49-வது பிரிவு அதை உரிமைக்கான சாட்சியமாக ஏற்பதைத் தடுக்கிறது.

மேலும், கூர்சீட்டை ஒரு வாதத்துக்காக ஏற்றாலும் வழக்கை முழுவதும் தள்ளுபடி செய்திருக்க முடியாது. தந்தை தம் பங்கை விட்டுக்கொடுத்தார் என்பதற்கு அந்தப் பதியப்படாத ஆவணத்தைத் தவிர ஆதாரம் இல்லை. அப்படியானால் அவருடைய மூன்றில் ஒரு பங்கு 1998-ல் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கி, குறைந்தபட்சம் ஒன்பதில் ஒரு பங்காவது மனுதாரருக்குச் சேர்ந்தாக வேண்டும். இம்மாற்று நிலையை உயர் நீதிமன்றம் பரிசீலிக்கவே இல்லை.

நிலம் பெரிதல்ல. ஆனால் கூர்சீட்டும் பிந்தைய பட்டாவும் சேர்ந்து மகளின் பங்கை மறுக்கும் வழக்குகள் கீழமை நீதிமன்றங்களில் புதியவை அல்ல என்பதால், இக்கேள்விக்கு வரும் விடை இத்தரப்பினரோடு நின்றுவிடாது.

இரண்டாவது எதிர்மனுதாரர் நிலத்தை விற்கும் முயற்சியை மீண்டும் தொடங்கியிருப்பதால், இம்மனு நிலுவையில் இருக்கும் வரை சொத்தின் தற்போதைய நிலை பேணப்பட இடைக்கால உத்தரவும் பணிவுடன் வேண்டப்படுகிறது.