ரிசல்ட் வரும் முன் தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கேட்டு

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம் சார். நான் பி.காம் மூன்றாம் ஆண்டு முடித்த மாணவி, வீடு தண்டையார்பேட்டை. மணலியில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூலை 7 திங்கட்கிழமை சேர வேண்டும். சேரும்போதே தற்காலிகப் பட்டச் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். ஆறாம் செமஸ்டர் ரிசல்ட்டோ இன்னும் வரவில்லை.

முதல் ஐந்து செமஸ்டரிலும் அரியர் கிடையாது, கடைசித் தேர்வுகள் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், கட்டண பாக்கியும் இல்லை. ரிசல்ட் வராமல் தற்காலிகச் சான்றிதழ் தருவது கஷ்டம் என்பது தெரியும். அப்படியென்றால், படிப்புக் காலம் முடிந்தது, தேர்வெழுதி முடிவுக்காகக் காத்திருக்கிறார் என்று பல்கலைக்கழகத் தலைப்புத்தாளில் முத்திரையோடு ஒரு கடிதமாவது தாருங்கள். அதைக் காட்டினால் 60 நாள் அவகாசம் தருவதாக நிறுவனத்தின் எச்.ஆர். மேடம் மெயிலிலேயே எழுதியிருக்கிறார்.

கல்லூரியில் கேட்டால் பல்கலைக்கழகம் போ என்கிறார்கள், அங்கே கவுன்டரில் கல்லூரிக்குப் போ என்கிறார்கள். இரண்டு நாள் பஸ்ஸிலேயே போய்விட்டது சார், அதனால்தான் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

ஐந்து மதிப்பெண் பட்டியல், ஹால் டிக்கெட், வேலை உத்தரவு, எச்.ஆர். மெயில் நான்கின் நகலும் இணைத்திருக்கிறேன். பதிவு எண் ஹால் டிக்கெட்டில் இருக்கிறது. ஜூலை 3க்குள் கிடைத்தால் போதும், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். ரிசல்ட் வந்ததும் தற்காலிகச் சான்றிதழுக்கு முறைப்படி பணம் கட்டி விண்ணப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
பி.காம் மாணவி, தண்டையார்பேட்டை