மூன்று மாரியப்பன்

நான் கிருஷ்ணகிரிக்காரி. பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்துத்தான் கிராம தபால் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். என் மார்க்குக்குக் கிடைத்தது கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில் ஒரு கரிசல் ஊர். வேலைக்கு வந்த அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஊரின் பின்கோடு மட்டும்தான்.

அங்கே தபால் கொடுத்துவந்த செல்லையா அய்யாவுக்கு 65 முடிந்து ஓய்வுபெற ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரமும் அவரோடு நடந்து ஊரைப் பழகிக்கொள்ளச் சொன்னார்கள்.

ஒன்பதரை பஸ்ஸில் பை வரும். போஸ்ட் மாஸ்டர் அம்மா பையைப் பிரித்து, முத்திரை குத்தி, எங்கள் பக்கம் தள்ளுவார். மொத்தமே இருபது முப்பதுதான் இருக்கும். எல்.ஐ.சி. நோட்டீஸ், ஆதார் கார்டு, பாங்க் கடிதாசி, ஒன்றிரண்டு ஸ்பீட் போஸ்ட். அய்யா அவற்றைத் தெருவாரியாக அடுக்கி, சைக்கிள் பையில் செருகிக்கொண்டு கிளம்புவார். முதல் நாள் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு தபால், இருபத்திரண்டு வீடு, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மூன்று மணி நேரம் ஆயிற்று.

தபால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டையும் அவர் பேர் சொல்லாமல் தாண்டுவதில்லை. "சண்முகத்தாயக்கா, வணக்கம்." "பேச்சிமுத்து அண்ணாச்சி, கால் வலி எப்படி இருக்கு?" "லட்சுமணா, பரீச்சை முடிஞ்சிருச்சாலே?" உள்ளே இருந்து ஒரு குரல் வரும். அது வந்த பிறகுதான் சைக்கிள் நகரும். சில வீட்டில் குரல் வராது, பாத்திரம் உருட்டுகிற சத்தம்தான் வரும். அதையும் பதிலாக எடுத்துக்கொள்வார்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வெயிலா அது. கரிசல் மண் வெடித்துக் கிடக்கிறது, காலில் புதுச் செருப்பு கடிக்கிறது, இவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று சுகம் விசாரிக்கிறார்.

இரண்டாம் நாள்தான் ஒரு விஷயம் உறைத்தது. அந்த ஊரில் கல்யாணமான பெண்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேலவீட்டுக்காரி, ராசு அம்மா, கண்டக்டர் பொண்டாட்டி, இப்படித்தான். எண்பது வயதுப் பாட்டி ஒருத்திக்கு ஊரில் பேரே 'தீப்பெட்டிக் கிழவி'. அவளை அய்யா, "வெள்ளைத்தாயாச்சி" என்று கூப்பிட்டார். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த அவளுடைய பேரனே திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

வெள்ளைத்தாய் ஆச்சிக்கு முதியோர் பணம் எடுத்துக் கொடுக்கவேண்டி இருந்தது. மெஷினில் விரலை வைத்தாள். பொருந்தவில்லை. மறுபடியும் வைத்தாள். பொருந்தவில்லை. நாற்பது வருஷம் தீப்பெட்டி ஒட்டிய கை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்ந்து வழவழவென்று கூழாங்கல் மாதிரி இருந்தன. நான் போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், மெஷினை ஊதிப் பார்த்தேன். அய்யா அவசரப்படவில்லை. அவள் முந்தானையை நனைத்து, இடது கை மோதிர விரலை மட்டும் துடைத்து, தன் கையாலேயே மெஷினில் மெதுவாக அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது.

"இந்த ஆச்சிக்கு இந்த விரல்லதான் ரேகை மிச்சம் இருக்கு. எழுதி வச்சுக்கோ தாயி" என்றார். எழுதி வைத்துக்கொண்டேன்.

நகைக்கடன் ஏல நோட்டீஸ் வந்தால் வேறு மாதிரி. தூரத்திலேயே குரல் இறங்கிவிடும். பேரைச் சொல்லி, "தாகமா இருக்கு, தண்ணி குடுங்க" என்று உள்ளே போவார். சொம்பை வாங்குகிற கையால் நோட்டீஸைக் கொடுத்துவிட்டு வருவார். பக்கத்து வீட்டுக்கு அவர் தண்ணீர் குடித்தது மட்டும்தான் தெரியும். ஒருநாள் இப்படி நாலு வீட்டில் குடித்தார். பாவம், அப்புறம் ஊருணிக் கரையில் ஒதுங்க இடம் தேடவேண்டியதாயிற்று.

காலனியிலும் அதே அண்ணாச்சி, அதே அக்கா. தன்னை அண்ணாச்சி போட்டுக் கூப்பிட்ட முதல் கவர்மெண்டு ஆள் இவர்தான் என்று அங்கே ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "அதுக்காக மேலத்தெருவுல ஏச்சும் வாங்குனாரு" என்றார். அய்யா அந்தப் பேச்சே காதில் விழாதவர் மாதிரி சைக்கிள் செயினில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பூட்டிய வீடுகளையும் விடமாட்டார். நடுத்தெருவில் ஒரு வீடு, பூட்டு துருப்பிடித்து, வாசலில் எருக்கு முளைத்துக் கிடந்தது. "சங்கரபாண்டி, நல்லாருக்கியா?" என்றார் அந்தக் கதவைப் பார்த்து.

"ஆளே இல்லியேய்யா."

"திருப்பூர் போயி ஒம்போது வருசமாச்சு. நாளைக்கு அவன் பேருக்கு ஒரு லெட்டர் வந்தா, இந்த வீடுன்னு எனக்குத் தெரியணும்ல. சொல்லாம விட்டா மறந்துபோகும்."

சரி, பழகிப்போன வாய், வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டு போகிறார் என்று விட்டுவிட்டேன்.

என்னைக் குடைந்தது ஊருணித் தெரு கடைசி வீடுதான். வேப்பமரம், அதற்கடியில் திண்ணை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் உட்கார்ந்து வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பார். "மாரியப்பன் தம்பி, வணக்கம்" என்பார் அய்யா. அந்த ஆள் நிமிரமாட்டார். கை மட்டும் காம்பைக் கிள்ளும், வத்தலை இந்தப் பக்கம் போடும், காம்பை அந்தப் பக்கம் போடும். அய்யா கொஞ்ச நேரம் நிற்பார். அப்புறம் சைக்கிளைத் திருப்புவார். முதல் நாள் காது கேட்காதவர் போல என்று நினைத்தேன். இரண்டாம் நாள், தெருவில் போன ஐஸ்காரனை அதே ஆள் கைதட்டிக் கூப்பிட்டதைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன். அய்யா ஊருணிக் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"இந்த ஊர்ல எத்தனை மாரியப்பன் தெரியுமா உனக்கு?"

"தெரியலைய்யா."

"மூணு. நடுத்தெருவுல மாடசாமி மகன். கீழத்தெருவுல முத்துச்சாமி மகன். இவரு மூக்கையா மகன். தமிழ்ல எழுதுனா மா. மாரியப்பன், மு. மாரியப்பன், மூ. மாரியப்பன். குழப்பமே இல்ல. இங்கிலீசுல எழுதிப் பாரு."

மணலில் விரலால் எழுதிப் பார்த்தேன். மூன்றும் ஒரே எழுத்துதான்.

"1996. அப்ப நம்ம தபால் வேலைக்கு ஈ.டி.ன்னு பேரு. இங்கிலீசுல டைப் அடிச்சு ஒரு கவர் வந்துச்சு, பேரும் ஊரும் மட்டும்தான். தெருவும் இல்ல, அப்பா பேரும் இல்ல. அன்னைக்கு எம் மகளுக்குக் காய்ச்சல், சீக்கிரமா வீட்டுக்குப் போகணும். முதல்ல வாரது நடுத்தெருதான. அந்த வீட்டுல குடுத்துட்டேன். மாடசாமி பொண்டாட்டிக்குப் படிக்கத் தெரியாது. வாங்கிக் கம்பியில குத்தி மாட்டிருச்சு. மகன் கேரளாவுல லோடு வேலை. மூணு வாரம் கழிச்சு வந்து பிரிச்சா, கண்டக்டர் வேலைக்கு இன்டர்வியூ. அவன் அஞ்சாப்புதான் படிச்சவன். கொண்டாந்து எங்கிட்டக் குடுத்தான். தேதி முடிஞ்சு பதினோரு நாள் ஆகியிருந்துச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கரையில் ஒரு எருமை இறங்கித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தது.

"நானே கொண்டுபோய்க் குடுத்தேன். படிச்சாரு. என்னைய ஒரு பார்வை பார்த்தாரு. திட்டியிருந்தாப் பரவாயில்ல. ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட சரின்னு போயிருக்கும்."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"வாயால கேக்க முடியல. ஒரு கார்டு வாங்கி எழுதினேன். நானே முத்திரை குத்தி, மறுநாள் நானே கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கி வச்சுக்கிட்டாரு. படிச்சாரா என்னன்னு தெரியாது." அய்யா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "அதுக்கப்புறம்தான் பேரு சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சேன். எந்தப் பேரு எந்த வீடுன்னு தப்பக்கூடாதுன்னு. மரியாதைக்குன்னு ஊர்ல நினைச்சுக்கிட்டாக. நானும் அப்படியே விட்டுட்டேன்."

கடைசி நாள் அலுவலகத்தில் ஒரு துண்டு போட்டார்கள், பூந்தியும் காராச்சேவும் கொடுத்தார்கள். சைக்கிள் அவருடைய சொந்த சைக்கிள். அதை எனக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். எனக்கு ஸ்கூட்டி இருக்கிறது என்றேன். "ஸ்கூட்டில போனா வாசல்ல நிக்கத் தோணாதே" என்றார். அதற்காகத்தான் வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, ஆண்கள் சைக்கிள் வேறு.

அடுத்து வந்த திங்கட்கிழமை. பஸ் லேட், நெட்வொர்க் இல்லை, போன் சுற்றிக்கொண்டே இருந்தது. கிளம்பவே பத்தே முக்கால். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் பேரைப் படித்தேன். ரோல் கால் எடுக்கிற டீச்சர் மாதிரி இருந்ததோ என்னவோ, சிலர் சிரித்தார்கள். பேச்சிமுத்து அண்ணாச்சியை முத்துப்பேச்சி என்றுவிட்டேன். "அது எம் பொண்டாட்டி பேரும்மா" என்றார். நிஜமாகவே அவருடைய மனைவி பேர் முத்துப்பேச்சிதானாம். சங்கரபாண்டியின் பூட்டிடமும் நின்று சொன்னேன். எருக்குப் பக்கத்தில் ஒரு கோழி இருந்தது, அது ஓடியது.

ஊருணித் தெருக் கடைசிக்கு வந்தபோது நாக்கு வறண்டுவிட்டது. அவர் அதே திண்ணையில், அதே சாக்கில் வத்தலைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். தபால் ஒன்றும் இல்லை. பேசாமல் போய்விடலாமா என்று இருந்தது.

"மூக்கையா மகன் மாரியப்பன் அண்ணாச்சி, வணக்கம்."

கை நின்றது. காம்பு கிள்ளாத ஒரு வத்தல் விரலிடுக்கில் அப்படியே இருக்க, நிமிர்ந்து முதலில் சைக்கிளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"என்ன நேரமாகுது?"

"பன்னெண்டே முக்கால் அண்ணாச்சி."

"அவரு பதினொன்றரைக்கெல்லாம் கூப்பிட்டிருவாரு" என்றார்.