எலக்ட்ரிக்கல் சாமான் பாக்கி ரூ.27,500 – சுந்தரம் அண்ணாச்சிக்கு

தென்காசி
05.11.2025

அண்ணாச்சிக்கு வணக்கம்.

வீட்டு வேலை பூச்சு வரைக்கும் வந்துவிட்டதாக எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னார், சந்தோஷம். பாக்கி விஷயமாகப் போன வாரம் உங்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. வேலை மும்முரத்தில் இருந்திருப்பீர்கள். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

ஆகஸ்ட் 4-ஆம் தேதி வயர், பைப், மெட்டல் பாக்ஸ் எடுத்த பில் ரூ.31,400. அன்றைக்கே 20,000 கொடுத்தீர்கள். 19-ஆம் தேதி சுவிட்ச், எம்சிபி, டிபி பாக்ஸ் எடுத்த பில் ரூ.17,250. மிஞ்சிய பைப் கட்டைத் திருப்பிக் கொடுத்ததற்கு 1,150 கழித்துவிட்டேன். ஆக, நிற்பது ரூ.27,500. இரண்டு பில்லையும் படம் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது பில் சரக்கை எலக்ட்ரீஷியன் தம்பிதான் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார். நீங்கள் போனில் சொன்ன பிறகுதான் கொடுத்தேன். கணக்கில் ஏதாவது இடித்தால் உடனே சொல்லுங்கள், கடை நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

செப்டம்பர் கடைசியில் தருவதாகச் சொன்னீர்கள். அப்புறம், பேங்க் லோனில் அடுத்த தவணை வரவில்லை, தீபாவளி கழியட்டும் என்றீர்கள். வீடு கட்டும்போது கை இறுகும் என்று தெரியும், அதனால் நானும் வற்புறுத்தவில்லை. தீபாவளி முடிந்தும் இரண்டு வாரம் ஆகிவிட்டது.

என் நிலைமையும் உங்களுக்குத் தெரியாததில்லை. திருநெல்வேலி ஏஜென்சியில் எனக்கு 30 நாள்தான் தவணை. நாள் தவறினால் அடுத்த லோடு ஏற்ற மாட்டார்கள். உங்கள் வீட்டுக்குப் போன சரக்குக்கு நான் செப்டம்பரிலேயே பணம் கட்டிவிட்டேன். அந்த முதல் முடங்கிக் கிடப்பதால், செம்பு விலை ஏறுவதற்கு முன்னால் எடுத்திருக்க வேண்டிய வயரைக்கூட இப்போது அளந்துதான் எடுக்கிறேன்.

வருகிற 15-ஆம் தேதி, சனிக்கிழமைக்குள் முழுத் தொகையையும் முடித்துக் கொடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் 15-ஆம் தேதி 15,000, மீதி 12,500-ஐ 29-ஆம் தேதி கொடுத்தாலும் சரி. இதற்கு மேல் தள்ளிப்போட என்னால் முடியாது அண்ணாச்சி. வட்டி எதுவும் நான் கேட்கவில்லை. கடைக்கு வர நேரமில்லை என்றால் நீங்கள் எப்போதும் அனுப்புகிற அதே கூகுள் பே எண்ணுக்கே போட்டுவிடுங்கள். ரொக்கம் என்றால் பையனை வீட்டுக்கு அனுப்புகிறேன், ரசீதோடு வருவான்.

தை மாதம் பால்காய்ப்புக்கு ஃபேனும் லைட்டும் கேட்டிருந்தீர்களே, நீங்கள் பார்த்துவைத்த மாடலைச் சொல்லிவைத்திருக்கிறேன். பழைய கணக்கு முடிந்ததும் எடுத்துத் தருகிறேன். அதுவரை சின்னச் சாமானாக இருந்தாலும் கைக்காசுக்குத்தான். எலக்ட்ரீஷியன் தம்பியிடமும் சொல்லிவிட்டேன், அவர் வந்து சங்கடப்பட வேண்டாம்.

எந்தத் தேதியில் எவ்வளவு என்று நாளைக்குள் ஒரு வரி பதில் போடுங்கள். அதை வைத்துத்தான் ஏஜென்சிக்குச் செக் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
குமார்
எலக்ட்ரிக்கல் கடை, பழைய பேருந்து நிலையம் அருகில்